தவறாத மில்லி வினாடி

மைக்ரோகன்ட்ரோலர் சிப்புக்குள் ப்ராசஸரைத் தவிர, எண்ணுவதை மட்டுமே வேலையாகக் கொண்ட சிறு சுற்றுகள் சில இருக்கும். அவற்றை டைமர் என்பார்கள். சிப்பின் க்ளாக் ஒருமுறை துடித்தால் டைமரிலுள்ள எண் ஒன்று கூடும். ப்ராசஸர் வேறு எந்தக் கணக்கில் மூழ்கியிருந்தாலும் இந்த எண்ணிக்கை நிற்காது. எண் முன்கூட்டியே குறித்துவைத்த ஒரு மதிப்பைத் தொட்டதும் தானாகப் பூஜ்ஜியத்துக்குத் திரும்ப வேண்டும், அதே நேரத்தில் ப்ராசஸருக்கு ‘நேரமாகிவிட்டது’ என்று தெரிவிக்கவும் வேண்டும். இப்படி டைமரை அமைப்பதுதான் கம்பேர் மேட்ச் முறை. அந்தத் தகவல் வந்ததும் ப்ராசஸர் செய்துகொண்டிருக்கும் வேலையை அப்படியே நிறுத்திவைத்து, அதற்கென எழுதப்பட்ட சிறு நிரலை ஓட்டிவிட்டுத் திரும்பும். அதற்கு இன்டரப்ட் என்று பெயர். மோட்டாரின் வேகத்தை அளப்பது, சென்சாரைச் சீரான இடைவெளியில் படிப்பது, எண் காட்டியில் இலக்கங்களை மாற்றி மாற்றி ஒளிரவிடுவது எல்லாம் இந்தச் சீரான இன்டரப்டை நம்பியே நடக்கின்றன.

இதைக் கற்க வசதியான சிப், ஆர்டுயினோ ஊனோ பலகையில் இருக்கும் ஏடிமெகா 328பி. அதில் மூன்று டைமர்கள் உண்டு. டைமர் 0, டைமர் 2 இரண்டும் எட்டு பிட் அகலம் கொண்டவை. 255 வரைதான் எண்ண முடியும். டைமர் 1 பதினாறு பிட் அகலமுள்ளது. 65535 வரை எண்ணும். ஆர்டுயினோவின் `millis()`, `delay()` இரண்டும் டைமர் 0-ஐப் பிடித்துக்கொள்கின்றன. `tone()` டைமர் 2-ஐ எடுத்துக்கொள்கிறது. ஊனோவில் `Servo` நூலகத்துக்கு டைமர் 1 வேண்டும். சர்வோ மோட்டார் இல்லாத திட்டத்தில் டைமர் 1 சும்மா கிடக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். இங்கே பார்க்கப்போவது அந்த டைமரைக் கொண்டு மில்லி வினாடிக்கு ஒருமுறை, அதாவது வினாடிக்குச் சரியாக ஆயிரம் முறை, இன்டரப்ட் வரவழைப்பது.

ஊனோவின் க்ளாக் 16 மெகாஹெர்ட்ஸ். வினாடிக்கு 1 கோடியே 60 லட்சம் துடிப்புகள். ஒரு துடிப்பின் நீளம் 62.5 நானோ வினாடி. ஒரு மில்லி வினாடியில் 16,000 துடிப்புகள் அடங்கும். அப்படியானால் டைமரை 16,000 வரை எண்ணச் சொன்னால் போதும் என்று தோன்றும். அங்கேதான் முதல் வழுக்கல். டைமர் எண்ணத் தொடங்குவது ஒன்றிலிருந்து அல்ல, பூஜ்ஜியத்திலிருந்து. பூஜ்ஜியமும் ஒரு முழுத் துடிப்பு நேரம் நிற்கிறது. கடைசி எண்ணும் ஒரு முழுத் துடிப்பு நேரம் நின்ற பிறகே பூஜ்ஜியமாகிறது. ஆகவே 0 முதல் 15999 வரை எண்ணினால்தான் 16,000 துடிப்புகள். ஒப்பிட வேண்டிய மதிப்பு 15999. பொதுச் சூத்திரமாக எழுதினால் இப்படி வரும்:

```
f = F_CPU / (N * (OCR1A + 1))
```

இதில் `F_CPU` என்பது க்ளாக் வேகம். `OCR1A` என்பது ஒப்பிட வேண்டிய மதிப்பு எழுதிவைக்கப்படும் ரெஜிஸ்டர். `N` என்பது ப்ரீஸ்கேலர், அதாவது க்ளாக் துடிப்புகளை டைமருக்கு அனுப்புமுன் வகுத்துக் குறைக்கும் எண். டைமர் 1-க்கு அது 1, 8, 64, 256, 1024 ஆகிய ஐந்தில் ஒன்றாக மட்டுமே இருக்க முடியும்.

ஒன்றைக் கழிக்க மறந்தால் என்ன நட்டம்? `OCR1A`-வில் 16000 எழுதியிருந்தால் ஒவ்வொரு மில்லி வினாடியும் ஒரு துடிப்பு நீளும். பதினாறாயிரத்தில் ஒரு பங்குதானே என்று தோன்றலாம். ஆனால் ஒரு நாளில் அது 5.4 வினாடியாகச் சேர்ந்துவிடும். எண்ணிக்கை சிறிதாக இருந்தால் இந்தப் பிழை இன்னும் பெரிதாகும். பத்துத் துடிப்புக்கு ஒருமுறை இன்டரப்ட் வேண்டிய இடத்தில் 9-க்குப் பதில் 10 எழுதினால் பிழை பத்து சதவீதம்.

ப்ரீஸ்கேலரைத் தேர்வதற்கு ஒரு நல்ல வழக்கம் உண்டு: கணக்கு ரெஜிஸ்டருக்குள் அடங்கும் அளவில் மிகச் சிறிய வகுப்பானை முதலில் முயல்வது. வகுக்காமல் விட்டால் டைமர் 1 ஒரு முழுச் சுற்றுக்கு 65,536 துடிப்புகளை, அதாவது 4.096 மில்லி வினாடியைத் தாங்கும். ஒரு மில்லி வினாடி அதில் தாராளமாக அடங்குவதால் `N` = 1 போதும். ஒரு வினாடி வேண்டுமென்றால் 1 கோடியே 60 லட்சம் துடிப்புகள் அடங்காது. 64-ஆல் வகுத்தாலும் 2,50,000 மிஞ்சும், அதுவும் அடங்காது. 256-ஆல் வகுத்தால் 62,500. `OCR1A`-வில் 62499 எழுதலாம். 1024-ஆல் வகுத்தாலும் மீதியில்லாமல் 15,625 வருகிறது. இது தற்செயலல்ல. 1 கோடியே 60 லட்சம் என்ற எண்ணில் இரண்டு பத்து முறையும் ஐந்து ஆறு முறையும் காரணிகளாக இருக்கின்றன. 1024 அந்தப் பத்து இரண்டுகளையும் எடுத்துக்கொண்டு வெறும் ஐந்துகளை விட்டுவைக்கிறது. அதனால்தான் 1024-ஐ வைத்து வினாடிக்குப் பத்து முறை கேட்டால் 1562.5 என்று அரை வந்து நிற்கிறது. மீதி விழாத வகுப்பானைத் தேடுவது ‘துல்லியம்’ என்ற சொல்லுக்கான முதல் நிபந்தனை.

இனி நிரல்.

```c
#include <avr/io.h>
#include <avr/interrupt.h>

volatile uint32_t ticks = 0;

ISR(TIMER1_COMPA_vect)
{
    ticks++;
}

void timer1_start(void)
{
    cli();
    TCCR1A = 0;
    TCCR1B = (1 << WGM12);
    TCNT1  = 0;
    OCR1A  = 15999;
    TIFR1  = (1 << OCF1A);
    TIMSK1 = (1 << OCIE1A);
    TCCR1B |= (1 << CS10);
    sei();
}
```

`cli()` எல்லா இன்டரப்டுகளையும் தற்காலிகமாக அடைக்கிறது; `sei()` திறக்கிறது. பாதி அமைத்த நிலையில் இன்டரப்ட் வந்துவிடாமல் இருக்க இந்த ஏற்பாடு. டைமர் எந்த முறையில் ஓட வேண்டும் என்பதை `TCCR1A`, `TCCR1B` என்ற இரண்டு ரெஜிஸ்டர்களில் சிதறிக் கிடக்கும் நான்கு பிட்டுகள் தீர்மானிக்கின்றன. `WGM12` மட்டும் ஒன்றாகவும் மற்ற மூன்றும் பூஜ்ஜியமாகவும் இருந்தால், `OCR1A`-வைத் தொட்டதும் பூஜ்ஜியமாகும் முறை கிடைக்கும். `TCNT1` என்பது ஓடும் எண்ணிக்கை. `TIMSK1`-இல் `OCIE1A` பிட்டை ஏற்றினால் மேட்ச் நேர்ந்ததும் இன்டரப்டுக்கு அனுமதி கிடைக்கும். கடைசியில் `CS10` பிட் க்ளாக்கைத் திறந்துவிடுகிறது. அதுவரை டைமர் அசையாது. எல்லாவற்றையும் சரிபார்த்து வைத்த பிறகே க்ளாக்கைத் திறப்பது நல்லது. ஓடும் டைமரில் ஒவ்வொன்றாக மாற்றினால் முதல் சில இடைவெளிகள் எப்படி அமையும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இடையில் `TIFR1` வரி விசித்திரமாகத் தெரியலாம். மேட்ச் நேரும்போது வன்பொருள் `OCF1A` என்ற ஒரு பிட்டை ஏற்றிவைக்கும். இன்டரப்ட் நிரலுக்குள் ப்ராசஸர் நுழையும்போது அது தானே இறங்கும். டைமர் இதற்கு முன்பே எதற்காவது ஓடியிருந்தால் அந்த பிட் பழைய மேட்ச் ஒன்றால் ஏற்கெனவே ஏறி நிற்கலாம். அதை இறக்காமல் விட்டால் `sei()` முடிந்த கையோடு ஒரு போலி இன்டரப்ட் வந்து விழும். இறக்குவதற்கு அதில் பூஜ்ஜியம் எழுதுவதில்லை, ஒன்று எழுத வேண்டும். இந்த ஏற்பாட்டுக்குக் காரணம் இருக்கிறது: ஒன்று எழுதிய பிட் மட்டும் இறங்கும், பூஜ்ஜியம் எழுதிய மற்றவற்றுக்கு எதுவும் ஆகாது. எனவே இங்கே `|=` போடுவது தவறு. அது ஏறியிருக்கும் எல்லா பிட்டுகளையும் படித்து அப்படியே திருப்பி எழுதி, வேறொரு நிகழ்வின் அடையாளத்தையும் சேர்த்து அழித்துவிடக்கூடும்.

கம்பேர் மேட்ச் முறையின் உயிர் எங்கே இருக்கிறது என்பதை அறிய, அதற்கு மாற்றாகப் பலர் எழுதும் பழைய வழியைப் பார்க்க வேண்டும். அதில் டைமர் 65535-ஐத் தாண்டிப் பூஜ்ஜியத்துக்கு விழும்போது இன்டரப்ட் வரும். நிரல் உள்ளே நுழைந்து `TCNT1`-இல் 49536 என்று எழுதும். அங்கிருந்து விளிம்புக்கு 16,000 படிகள் இருப்பதால் அடுத்த இன்டரப்ட் ஒரு மில்லி வினாடியில் வந்துவிடும் என்பது எதிர்பார்ப்பு. ஆனால் விளிம்பைத் தாண்டிய கணத்துக்கும் நிரல் அந்த எண்ணை எழுதும் கணத்துக்கும் இடையே நேரம் போகிறது. ப்ராசஸர் கையிலிருக்கும் கட்டளையை முடிக்க வேண்டும். இன்டரப்டுக்குள் நுழைவதற்கே குறைந்தது நான்கு துடிப்புகள் ஆகும், சரியான முகவரிக்குத் தாவ இன்னும் மூன்று. பிறகு கம்பைலர் சேர்த்த, ரெஜிஸ்டர்களைப் பத்திரப்படுத்தும் வரிகள். மொத்தம் முப்பது துடிப்புகள் என்று வைத்துக்கொண்டால், அதற்குள் 30 வரை எண்ணியிருந்த டைமரின் எண்ணிக்கையைத் துடைத்துவிட்டு 49536 எழுதப்படுகிறது. இடைவெளி 16,030 துடிப்புகளாகிறது. ஒரு வினாடிக்கு 1.875 மில்லி வினாடி நழுவும். ஒரு நாளில் 162 வினாடி. எண்ணை 30 கூட்டி எழுதிச் சரிக்கட்டலாமே என்றால், அந்தத் தாமதம் ஒவ்வொரு முறையும் வேறுபடும்.

பேருந்து நிலையத்தில் முந்தைய வண்டி எப்போது கிளம்பியதோ அதிலிருந்து அரை மணி எண்ணி அடுத்ததை அனுப்பினால், ஒவ்வொரு வண்டியின் தாமதமும் அடுத்ததன் தலையில் ஏறும். சுவரில் ஒட்டிய அட்டவணைப்படி அனுப்பினால் ஒன்று ஐந்து நிமிடம் பிந்தினாலும் அடுத்தது நேரத்துக்குக் கிளம்பும். கம்பேர் மேட்ச் முறை இரண்டாவது வகை. 15999-ஐத் தொட்ட டைமரைப் பூஜ்ஜியமாக்குவது வன்பொருளே. அதில் நிரலுக்குப் பங்கில்லை. ப்ராசஸர் இன்டரப்டுக்கு வந்து சேர ஏழு துடிப்பு ஆனாலும் எழுநூறு ஆனாலும் அடுத்த மில்லி வினாடி ஏற்கெனவே எண்ணப்பட்டுக்கொண்டிருக்கும்.

ஆகவே ‘துல்லியமான இன்டரப்ட்’ என்பதை இரண்டாகப் பிரித்துப் புரிந்துகொள்வது நல்லது. மேட்ச் நேரும் கணம் க்ளாக் துடிப்பளவுக்குச் சரியானது. நிரலின் முதல் வரி ஓடும் கணம் அப்படியல்ல. அது சில துடிப்புகள் முன்பின்னாக ஆடும். ஆர்டுயினோ சூழலில் டைமர் 0-இன் இன்டரப்டும் பின்னணியில் ஓடுகிறது. அது ஓடும் நேரத்தில் நம் மேட்ச் நேர்ந்தால் சில மைக்ரோ வினாடி காத்திருக்க வேண்டும், ஏனெனில் இந்தச் சிப் இயல்பாக ஒரு இன்டரப்டுக்குள் இன்னொன்றை அனுமதிப்பதில்லை. இந்த ஆட்டம் ஒன்றோடொன்று சேர்ந்து வளராது. ஆயிரம் இன்டரப்டுக்குப் பின் பார்த்தாலும் கணக்கு ஒரு வினாடியில் நிற்கும். ஒலியைப் பதிவுசெய்வது போல ஒவ்வொரு கணமும் முக்கியமான இடங்களில் மட்டும் ஆட்டமே சிக்கலாகும். அங்கே டைமரின் மேட்சையே நேரடியாக அனலாக் மாற்றியைத் தூண்ட வைத்து, நிரலை இடையிலிருந்து விலக்கிவிடுவார்கள்.

ஆர்டுயினோவின் `millis()` இதற்கு ஒரு நல்ல எதிர்ச்சான்று. அதற்குப் பின்னால் இருக்கும் டைமர் 0, கம்பேர் மேட்ச் முறையில் ஓடுவதில்லை. 64-ஆல் வகுத்த க்ளாக்கில் 256 படிகள் முழுவதையும் எண்ணுகிறது. அதன் ஒரு சுற்று 1.024 மில்லி வினாடி. மிஞ்சும் 24 மைக்ரோ வினாடிகளை மென்பொருள் சேமித்துவைத்து, அது ஒரு மில்லி வினாடியைத் தாண்டும்போது கூடுதலாக ஒன்றைக் கூட்டுகிறது. ஆகவே ஏறக்குறைய 42 சுற்றுக்கு ஒருமுறை `millis()` ஓர் எண்ணைத் தாவிவிடும். நீண்ட கால சராசரி சரிதான். ஆனால் ‘இந்த எண் வந்ததும் செய்’ என்று சமக்குறி போட்டு எழுதிய நிரல், அந்த எண் தாவப்பட்ட நாளில் சும்மா இருந்துவிடும். டைமர் 0-ஐ கம்பேர் மேட்சில் 249 வரை எண்ணவைத்திருந்தால் மில்லி வினாடி சுத்தமாக வந்திருக்கும். அதே டைமர் பலகையின் 5, 6 எண் பின்களில் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வேலையையும் செய்கிறது. அதற்கு 256 படிகள் முழுதாக வேண்டும் என்பதால் இந்தச் சமரசம்.

வன்பொருள் தவறாமல் எண்ணினாலும் எண்ணிக்கை தொலைந்துபோக ஒரு வழி இருக்கிறது. `OCF1A` ஒரே ஒரு பிட். அது ஏறியிருக்கும்போது இன்னொரு மேட்ச் நேர்ந்தால் அதைக் குறித்துவைக்க இடமில்லை. ஒளிக்கோலங்களுக்குப் பயன்படும் டபிள்யூஎஸ் 2812 வகை எல்இடி பட்டைகள் இந்தச் சிக்கலைப் பலருக்குக் காட்டிக்கொடுத்திருக்கின்றன. அந்த எல்இடிகளுக்குத் தரவு அனுப்பும்போது நேரம் பிசகக் கூடாதென்று நூலகம் இன்டரப்டுகளை அடைத்துவிடுகிறது. ஓர் எல்இடிக்கு 24 பிட், ஒரு பிட்டுக்கு ஏறத்தாழ 1.25 மைக்ரோ வினாடி, ஆக எல்இடிக்கு 30 மைக்ரோ வினாடி. நூறு எல்இடிகள் கொண்ட பட்டையைப் புதுப்பிக்க 3 மில்லி வினாடி ஆகும். அதற்குள் மூன்று மேட்சுகள் நேர்ந்திருக்கும். அடைப்பு நீங்கியதும் ஒன்றுதான் கைக்கு வரும். ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் இரண்டு மில்லி வினாடி காணாமல் போகும். பட்டை அணைந்திருக்கும்போது சரியாக ஓடும் கடிகாரம், ஒளிரும்போது மட்டும் பின்தங்கினால் காரணம் இதுதான். இன்டரப்ட் நிரல் ஒரு மில்லி வினாடிக்கு மேல் இழுத்தாலும் இதே விளைவுதான். அதனால்தான் மேலே உள்ள நிரலில் ஒரே ஒரு கூட்டலோடு நிறுத்தப்பட்டிருக்கிறது.

இனி, எழுதியது ஓடவே ஓடாத சந்தர்ப்பங்கள். ஆர்டுயினோவில் பயனரின் `setup()` தொடங்குமுன்பே பலகையின் தொடக்க நிரல் டைமர்களைத் தன் விருப்பப்படி அமைத்துவிடுகிறது. டைமர் 1-இன் `TCCR1A`-வில் `WGM10` பிட்டும், `TCCR1B`-இல் `CS11`, `CS10` பிட்டுகளும் ஏற்றிவைக்கப்பட்டிருக்கும். இது தெரியாமல் `TCCR1A`-வைத் துடைக்காமல் `WGM12`-ஐ மட்டும் ஏற்றினால், இரண்டு பிட்டுகளும் சேர்ந்து வேறொரு முறையைக் குறிக்கும். அதில் டைமர் 255 வரை மட்டுமே எண்ணும். 15999 என்ற எண்ணை அது ஒருநாளும் தொடாது; இன்டரப்ட் வராது. இன்னொரு வகை: 256 வகுப்பான் வேண்டும் என்று, ஏற்கெனவே இருப்பதைத் துடைக்காமல் `|=` போட்டு `CS12`-ஐ மட்டும் சேர்ப்பது. மூன்று பிட்டுகளும் ஏறிவிடுவதால், உள் க்ளாக்குக்குப் பதில் 5-ஆம் எண் பின்னில் வரும் வெளித் துடிப்பை எண்ணு என்று பொருளாகிவிடும். அந்தப் பின்னில் எதுவும் இணைக்கப்படாததால் டைமர் அசையாமல் நிற்கும், அல்லது மிதக்கும் பின்னின் இரைச்சலை எண்ணிக்கொண்டு தாறுமாறாக நகரும். கையால் 5-ஆம் பின்னைத் தொட்டதும் விளக்கு கண்சிமிட்டினால் நோய் தெரிந்துவிட்டது. `|=` போடுவதற்கு முன் முழு ரெஜிஸ்டரையும் ஒருமுறை நேராக எழுதிவிடும் வழக்கம் இந்த இரண்டையும் தடுக்கும்.

மூன்றாவது வகை வேடிக்கையானது. இன்டரப்டுக்கு அனுமதி கொடுத்தாகிவிட்டது, ஆனால் அதற்கான நிரலை எழுதவில்லை, அல்லது தவறான பெயரில் எழுதியாகிவிட்டது. `COMPA`-வுக்கு அனுமதி தந்துவிட்டு `COMPB`-க்கு நிரல் எழுதுவது நடக்கக்கூடியதே. உரிமையாளர் இல்லாத இன்டரப்ட் வந்தால் ஏவிஆர் நூலகம் ப்ராசஸரை நிரலின் தொடக்கத்துக்கே அனுப்பிவிடும். பலகை மில்லி வினாடிக்கு ஒருமுறை புதிதாகத் தொடங்கிக்கொண்டே இருக்கும். ஒரு வினாடி இன்டரப்டாக இருந்தால், சீரியல் திரையில் வரவேற்பு வரி வினாடிக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம்.

ஓடும்போது `OCR1A`-வை மாற்றுவதிலும் ஒரு பொறி உண்டு. இந்த முறையில் புதிய மதிப்பு எழுதிய உடனே அமலுக்கு வரும். டைமர் 10,000-இல் இருக்கும்போது இடைவெளியைப் பாதியாக்க 7999 எழுதினால், அந்த எண் ஏற்கெனவே கடந்துபோய்விட்டது. டைமர் 65535 வரை போய்ச் சுற்றி வந்துதான் 7999-ஐத் தொடும். அந்த ஒரு இடைவெளி மட்டும் 4.6 மில்லி வினாடிக்கு நீளும். எப்போதாவது ஒருமுறை மட்டும் தெரியும் இந்தத் திணறலைக் கண்டுபிடிப்பது கடினம். இன்டரப்ட் நிரலுக்குள்ளேயே மாற்றுவது பாதுகாப்பானது, ஏனெனில் அப்போது டைமர் பூஜ்ஜியத்தை ஒட்டியே இருக்கும்.

இந்த வசதியை வைத்து மீதி விழும் எண்களையும் வசப்படுத்தலாம். வினாடிக்கு 60 முறை இன்டரப்ட் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், 8-ஆல் வகுத்த க்ளாக்கில் ஓர் இடைவெளிக்கு 33,333.33 படிகள் வேண்டும். எந்த வகுப்பானை எடுத்தாலும் இந்தப் பின்னம் போகாது, காரணம் 60-இல் இருக்கும் மூன்று என்ற காரணி 1 கோடியே 60 லட்சத்தில் இல்லை. வழி என்னவென்றால் 33,333 படிகள் கொண்ட இடைவெளி இரண்டும் 33,334 படிகள் கொண்டது ஒன்றுமாக மாறி மாறி விடுவது. மூன்றும் சேர்ந்து சரியாக 1,00,000 படிகள்.

```c
ISR(TIMER1_COMPA_vect)
{
    static uint8_t n = 0;
    n = (n == 2) ? 0 : n + 1;
    OCR1A = (n == 2) ? 33333 : 33332;
}
```

ஒவ்வொரு இடைவெளியும் அரை மைக்ரோ வினாடிக்குள் முன்பின்னாகும். மூன்றுக்கு ஒருமுறை கணக்கு நேராகிவிடும். எவ்வளவு நாள் ஓடினாலும் நழுவாது.

முதல் நிரலின் `ticks` எண்ணைப் பிரதான நிரல் எப்படிப் படிக்கிறது என்பதும் கவனிக்க வேண்டியது. `volatile` என்ற சொல் இல்லாவிட்டால், வேறு யாரும் இதை மாற்றவில்லை என்று கம்பைலர் முடிவுகட்டிப் பழைய மதிப்பையே வைத்துக்கொண்டிருக்கும். அந்தச் சொல் இருந்தாலும் மட்டும் போதாது. எட்டு பிட் ப்ராசஸர் 32 பிட் எண்ணை நான்கு துண்டுகளாகவே படிக்கும். எண் 255-ஆக இருக்கும்போது கீழ்த் துண்டைப் படித்தாயிற்று. அந்த இடுக்கில் இன்டரப்ட் வந்து எண்ணை 256 ஆக்கிவிட்டது. பிறகு மேல் துண்டைப் படித்தால் இரண்டும் சேர்ந்து 511 என்று வாசிக்கப்படும். மணிக்கணக்கில் சரியாக ஓடிவிட்டு எப்போதாவது 255 கூடுதலாகக் காட்டும் கணக்கு இதன் அடையாளம். படிக்கும் நேரத்துக்கு மட்டும் இன்டரப்டை அடைத்துவிட்டு, முந்தைய நிலைக்குத் திருப்புவது இதற்கு மருந்து:

```c
uint8_t s = SREG;
cli();
uint32_t now = ticks;
SREG = s;
```

இந்த அடைப்பு ஒரு மைக்ரோ வினாடியளவே நீடிப்பதால் மேட்ச் எதுவும் தொலையாது.

அமைத்தது சரியா என்று பார்க்க விலை குறைந்த லாஜிக் அனலைசர் ஒன்று போதும். `TCCR1A`-வில் `COM1A0` பிட்டை ஏற்றி, 9-ஆம் பின்னை வெளியீடாக்கினால், ஒவ்வொரு மேட்சுக்கும் வன்பொருளே அந்தப் பின்னைத் தலைகீழாக்கும். இரண்டு மேட்ச் சேர்ந்தால்தான் ஒரு முழு அலை என்பதால் திரையில் தெரிய வேண்டியது 1000 அல்ல, 500 ஹெர்ட்ஸ். பாதி வேகம் கண்டு பதறிப்போய் `OCR1A`-வைப் பாதியாக்கிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. இன்டரப்ட் நிரலுக்குள் `PINB = (1 << PB0);` என்று எழுதி 8-ஆம் பின்னையும் வெளியீடாக்கினால், அது நிரல் வந்து சேர்ந்த கணத்தைக் காட்டும். இரண்டு கோடுகளுக்கும் இடையிலான இடைவெளிதான் தாமதம். 9-ஆம் பின்னின் விளிம்புகள் அசையாமல் நிற்க, 8-ஆம் பின்னுடையவை லேசாக நடுங்குவதை அங்கே கண்ணால் பார்க்கலாம்.

இவ்வளவுக்கும் பிறகு மில்லி வினாடி உண்மையான மில்லி வினாடியா என்பது க்ளாக்கைப் பொறுத்தது. டைமர் எண்ணுவது துடிப்புகளை, நேரத்தை அல்ல. ஊனோ பலகையில் ஏடிமெகாவுக்கு க்ளாக் தருவது குவார்ட்ஸ் படிகமல்ல, செராமிக் ரெசனேட்டர். அது அரை சதவீதம் வரை பிசகலாம். நாளைக்கு 432 வினாடி, ஏழு நிமிடத்துக்கு மேல். வழக்கமான குவார்ட்ஸ் படிகம் பத்து லட்சத்தில் இருபது பங்கு பிசகினாலும் நாளைக்கு 1.7 வினாடிதான். சிப்புக்குள்ளேயே இருக்கும் 8 மெகாஹெர்ட்ஸ் க்ளாக்கோ, தொழிற்சாலை அமைப்பிலேயே பத்து சதவீதம் வரை விலகியிருக்கலாம். ஒன்றைக் கழிக்க மறந்த பிழை ஊனோவில் கைக்கடிகாரத்தை வைத்துச் சோதித்தால் பிடிபடாமல் போவதற்கு இதுதான் காரணம். ரெசனேட்டரின் பிசகு அதைப்போல எண்பது மடங்கு பெரிது.

ஜிபிஎஸ் தொகுதிகள் வினாடிக்கு ஒருமுறை தரும் துடிப்பை அளவுகோலாக வைத்து ஒரு பலகையின் உண்மையான வேகத்தைக் கண்டுகொள்ளலாம். ஆயிரம் ஜிபிஎஸ் வினாடிகளில் `ticks` 10,00,000-க்குப் பதிலாக 10,02,000 காட்டினால், க்ளாக் 0.2 சதவீதம் வேகமாக, அதாவது 16.032 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. `OCR1A`-வில் 16031 எழுதினால் அந்தப் பலகையில் மில்லி வினாடி நேராகும். இந்த வழியில் திருத்தக்கூடிய மிகச் சிறிய அளவு ஒரு துடிப்பு, அதாவது நாளைக்கு 5.4 வினாடி. அதைவிட நுட்பமாக வேண்டுமென்றால் 60 ஹெர்ட்ஸுக்குச் செய்ததைப் போல இரண்டு மதிப்புகளை மாற்றி மாற்றி எழுதலாம். ஆனால் ரெசனேட்டரின் வேகம் வெப்பத்தோடு மாறுவதால், காலையில் அளந்து எழுதிய எண் மதிய வெயிலில் அதே அளவுக்குப் பொருந்தாது.